மூன்றாவது எண்ணுக்கு ஓர் அளவுகோல்: குமிழி வரைபடமும் குறிவிளக்கமும்



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் விரிந்த பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டு அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொட்டுச் செல்வது வழக்கம். எனக்கு அதில் தயக்கம் உண்டு. ஆகவே இந்த ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு படத்தை வரைந்து முடித்துவிடுவோம் என்று வந்திருக்கிறேன். வாசலில் ஆளுக்கொரு வரைபடத்தாள் கொடுத்திருப்பார்கள். அழைப்பிதழில் 'கவராயம் கொண்டுவரவும்' என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்துச் சிலர் சிரித்திருக்கலாம். கொண்டுவந்தவர்கள் வெளியே எடுத்து வையுங்கள். கணினியில் நான்கு சொடுக்கில் வரும் படத்துக்குக் கவராயம் எதற்கு என்று கேட்பீர்கள். கவராயத்தை விரிக்கும்போது எவ்வளவு விரிப்பது என்று நாமே முடிவு செய்தாக வேண்டும். கணினி அந்த முடிவைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுகிறது. குமிழி வரைபடத்தில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை அந்தச் சத்தமில்லாத இடத்தில்தான் நேருகின்றன.

நாம் வரையப் போவது இந்திய மாநிலங்களின் படம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் மூன்று எண்கள். முதலாவது, பெண்களின் எழுத்தறிவு விழுக்காடு. இது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடையே எடுத்தது. இரண்டாவது, மொத்தக் கருவள வீதம். இன்றைய பிறப்பு வீதங்கள் அப்படியே நீடித்தால் ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக எத்தனை குழந்தை பெறுவார் என்பதே அது. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்விலிருந்து அதை எடுத்துக்கொள்கிறேன். மூன்றாவது, மாநிலத்தின் மக்கள்தொகை. அதுவும் 2011 கணக்கெடுப்பின் எண்தான். இரண்டு எண்கள் ஓர் ஆண்டையும் ஒன்று வேறோர் ஆண்டையும் சேர்ந்தவை. இதை மறைக்கக் கூடாது. படத்தின் அடியில் ஒரு வரியாக எழுதிவிடுவோம்.

முதலில் குமிழிகளை மறந்துவிட்டுப் புள்ளிகளை மட்டும் வைப்போம். கிடை அச்சில் பெண் எழுத்தறிவு, 45 முதல் 95 வரை, ஒரு விழுக்காட்டுக்கு 3 மில்லிமீட்டர். ஆக 15 சென்டிமீட்டர். செங்குத்து அச்சில் கருவள வீதம், 1 முதல் 3.2 வரை, 0.1க்கு நாலரை மில்லிமீட்டர். ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். அச்சு ஏன் சுழியத்தில் தொடங்கவில்லை என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பட்டை வரைபடத்தில் பட்டையின் நீளமே மதிப்பு, அதனால் அடியை வெட்டினால் பொய்யாகிவிடும். இங்கே இரண்டு அச்சிலும் படிக்கப்படுவது இடம் மட்டுமே. எந்த எண்ணில் தொடங்கினாலும் இடம் பொய் சொல்லாது. ஆனால் வேறொரு காரணத்துக்காக ஓரத்தில் இடம் விட வேண்டும். பீகாரின் எழுத்தறிவு 51.5. அச்சை 50இல் தொடங்கினால் பீகாரின் வட்டம் இடப்பக்கக் கோட்டில் மோதி வெட்டுப்படும். வெட்டுப்பட்ட வட்டத்தின் பரப்பை யாரால் படிக்க முடியும்? 45இல் தொடங்கியது அதற்காகத்தான்.

இப்போது பத்து மாநிலங்களுக்குப் புள்ளி வையுங்கள். பீகார் இடப்பக்கம் மேலே, 51.5க்கும் 3.0க்கும். உத்தரப் பிரதேசம் 57.2க்கும் 2.4க்கும். தமிழ்நாடு 73.4, 1.8. மகாராஷ்டிரம் 75.9, 1.7. மேற்கு வங்கம் 70.5, 1.6. கோவா 84.7, 1.3. சிக்கிம் 75.6, 1.1. கேரளம் வலக்கோடியில் 92.1, 1.8. பெண் எழுத்தறிவு கூடக்கூடக் கருவளம் இறங்குகிறது என்று நமக்குத் தெரிந்த கதையைத்தான் புள்ளிகளும் சொல்கின்றன. இரண்டு புள்ளிகள் மட்டும் கதைக்கு அடங்கவில்லை. மேகாலயத்தில் பெண் எழுத்தறிவு 72.9, கிட்டத்தட்டத் தமிழ்நாட்டின் அளவு. கருவளமோ 2.9, பீகாரின் பக்கத்தில். ராஜஸ்தான் இதற்கு நேர்மாறு. எழுத்தறிவு 52.1, பீகாரை ஒட்டியது. கருவளமோ 2.0.

சிதறல் வரைபடமாகப் பார்த்தால் இந்த இரண்டு விலகலும் ஒரே எடை கொண்டவை. இரண்டும் ஒவ்வொரு புள்ளி, அவ்வளவுதான். ஆனால் மேகாலயத்தின் மக்கள்தொகை 30 லட்சத்தை ஒட்டியது. ராஜஸ்தானில் 6.85 கோடிப் பேர். ஒரு விலகலுக்குப் பின்னால் இருப்பவர்கள் இன்னொன்றுக்குப் பின்னால் இருப்பவர்களைப் போல 23 மடங்கு. இதை இரண்டு அச்சும் சொல்ல முடியாது. மூன்றாவது எண் தேவைப்படுவது இந்த இடத்தில்தான்.

மூன்று மாறிகள் கையில் இருக்கின்றன என்பதற்காக மட்டும் குமிழி வரைபடம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எதை எங்கே வைப்பது என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. வில்லியம் கிளீவ்லாண்டும் ராபர்ட் மெக்கிலும் 1984இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எல்லோரும் திரும்பிப் போகும் இடம். ஒரு பொதுவான அளவுகோலின் மீது இருக்கும் இடத்தைத்தான் மனிதர்கள் மிகத் துல்லியமாகப் படிக்கிறார்கள் என்றும், நீளம், கோணம் என்று இறங்கிப் பரப்புக்கு வரும்போது துல்லியம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது என்றும் அவர்கள் காட்டினார்கள். ஆகவே எந்த இரண்டு எண்களுக்கு இடையிலான உறவு நம் கேள்வியோ, அவை அச்சுகளுக்குப் போக வேண்டும். பரப்புக்குப் போவது தோராயமாகப் படித்தாலே போதுமான எண்ணாக இருக்க வேண்டும். அதோடு 'எவ்வளவு', 'எத்தனை பேர்' என்ற வகை எண்ணாகவும் அது இருக்க வேண்டும். சுழியம் என்றால் உண்மையிலேயே ஒன்றும் இல்லை என்று பொருள்படும் எண். வெப்பநிலையை வட்டத்தின் பரப்பாகப் போட முடியாது. எதிர்மறையாகக்கூடிய வளர்ச்சி வீதத்தையும் போட முடியாது, ஏனென்றால் எதிர்மறைப் பரப்பு என்று ஒன்று இல்லை. சில மென்பொருள்கள் எதிர்மறை எண்ணுக்கும் வட்டம் போட்டு வேறு நிறம் பூசித் தருகின்றன. அந்த வசதியை நான் பயன்படுத்தச் சொல்ல மாட்டேன். மக்கள்தொகை இந்த வேலைக்கென்றே அமைந்ததுபோல் பொருந்துகிறது. ஸ்வீடன் மருத்துவர் ஹான்ஸ் ரோஸ்லிங் 2006இல் உலக நாடுகளின் குமிழிகளை நகரவைத்துக் காட்டி எல்லோரையும் பேசவைத்தாரே, அந்தப் படத்திலும் அச்சுகளில் கருவள வீதமும் ஆயுளும், வட்டத்தின் பரப்பில் மக்கள்தொகை.

சரி, கவராயத்துக்கு வருவோம். உத்தரப் பிரதேசத்தில் 2011இல் 19.98 கோடிப் பேர். 20 கோடிக்கு ஆரம் 10 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுக்கு 7.21 கோடி. ஆரம் என்ன?

முதலில் கை போகும் கணக்கு: 7.21ஐ 20ஆல் வகுத்தால் 0.36, ஆகவே 3.6 மில்லிமீட்டர். இப்படி வரைந்தால் ஆரங்கள் சரியான விகிதத்தில் இருக்கும். ஆனால் கண் பார்ப்பது மை பூசிய பரப்பை. பரப்பு ஆரத்தின் வர்க்கமாக வளர்கிறது. இரண்டு மடங்கு அகலமான தோசைக்கு நான்கு மடங்கு மாவு ஊற்ற வேண்டும் என்பது சமையலறையில் எல்லோருக்கும் தெரியும், படம் வரையும்போது மட்டும் மறந்துவிடுகிறது. இந்தக் கணக்கில் உத்தரப் பிரதேசத்தின் பரப்பு தமிழ்நாட்டைப் போல 7.7 மடங்காகிவிடும். உண்மை விகிதம் 2.8தான். கேரளத்தோடு ஒப்பிட்டால் 6 மடங்கு இருக்க வேண்டியது 36 மடங்காகும்.

சரியான கணக்கு வர்க்கமூலத்தின் வழியாகப் போகிறது. 0.36இன் வர்க்கமூலம் 0.6. தமிழ்நாட்டுக்கு ஆரம் 6 மில்லிமீட்டர். இதே வழியில் மகாராஷ்டிரத்துக்கு 7.5, பீகாருக்கு 7.2, மேற்கு வங்கத்துக்கு 6.8, ராஜஸ்தானுக்கு 5.9, கேரளத்துக்கு 4.1, மேகாலயத்துக்கு 1.2, கோவாவுக்கு 0.85. சிக்கிமுக்கு அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். வட்டம் ஒவ்வொன்றின் நடுப்புள்ளியும் நாம் முன்பே வைத்த புள்ளியில் விழ வேண்டும். கவராயத்தின் ஊசி அந்த இடத்தில்தான் ஊன்றும் என்பதால் கையால் வரைகிறவர் இதைத் தவறவிட மாட்டார்.

மூன்று எண்களை ஒரே உருவத்தில் காட்டும் ஆசை புதியதல்ல. பட்டை வரைபடத்தையும் காலக்கோட்டு வரைபடத்தையும் தந்த ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் பிளேஃபேர் 1801இல் லண்டனில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில் ஐரோப்பிய நாடுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம். வட்டத்தின் பரப்பு அந்த நாட்டின் நிலப்பரப்பு. ஆரத்துக்கும் பரப்புக்கும் உள்ள வேறுபாட்டை அவர் அன்றைக்கே சரியாகப் பிடித்திருந்தார். வட்டத்தின் இடப்பக்கம் நின்ற செங்குத்துக் கோடு மக்கள்தொகை, வலப்பக்கக் கோடு அரசின் வரி வருவாய். இரண்டு கோடுகளின் உச்சியையும் இணைத்து ஒரு சாய்கோடு போட்டார். எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கொண்டு மக்கள் மீதான வரிச்சுமையைப் படிக்கலாம் என்பது அவர் எண்ணம். இடறியது அங்கேதான். இரண்டு கோடுகளுக்கும் இடையே நிற்பது வட்டத்தின் விட்டம். பெரிய நாடு என்றால் விட்டம் பெரிது, சாய்வு தானாகவே தட்டையாகிவிடும். ரஷ்யாவின் நிலப்பரப்பு அதன் வரிச்சுமையின் வாசிப்பைக் கெடுக்கும்படி ஆகிவிட்டது. மேதை ஒருவரின் பிழை என்பதால் இதைச் சொல்லவில்லை. ஒரே உருவத்தில் மூன்று எண்களை ஏற்றும்போது ஓர் எண் இன்னொன்றின் வாசிப்பைக் கெடுக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். நம் குமிழி வரைபடத்திலும் அந்த ஆபத்து உண்டு. பெரிய வட்டத்தின் விளிம்பு பல அச்சு மதிப்புகளைத் தொட்டுக்கொண்டு நிற்கும். உத்தரப் பிரதேசத்தின் கருவளம் 2.4தான். அதன் வட்டமோ ஏறத்தாழ 2.2 முதல் 2.6 வரை பரவிக் கிடக்கிறது. படிக்கிறவர் அதை ஒரு வீச்சு என்று எடுத்துக்கொள்ளக்கூடும். பெரிய வட்டங்களின் நடுவில் ஒரு சிறு புள்ளி வைத்துவிட்டால் இந்தக் குழப்பம் தீரும்.

இப்போது உங்கள் தாளில் பத்து வட்டங்கள் இருக்கின்றன. கணக்கு சரி, பரப்பு சரி. ஆனாலும் படம் இன்னும் பேசத் தொடங்கவில்லை. கேரளத்தின் வட்டத்தையும் உத்தரப் பிரதேசத்தின் வட்டத்தையும் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டி, எத்தனை மடங்கு என்று கேட்டுப் பாருங்கள். உண்மை விடை ஆறு. மூன்று என்பார், நான்கு என்பார். ஆறு என்று சொல்பவர் ஒன்று கணித ஆசிரியராக இருப்பார், இல்லை என்றால் விடையை முன்பே அறிந்தவராக இருப்பார். அமெரிக்க உளவியலாளர் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் இதற்கு ஒரு விதி தந்தார். நாம் உணரும் பரப்பு, உண்மைப் பரப்பின் ஏறத்தாழ 0.7 அடுக்காக வளர்கிறது. பரப்பு பத்து மடங்கானால் ஐந்து மடங்கு ஆனதாகவே தோன்றும். ஆறு மடங்கு, மூன்றரையாகச் சுருங்கும்.

இதைக் கண்ட நிலப்படவியலாளர் ஜேம்ஸ் ஃபிளானரி ஒரு மருந்து சொன்னார். ஆரத்துக்கு வர்க்கமூலம், அதாவது 0.5 அடுக்கு, எடுப்பதற்குப் பதிலாக 0.57 அடுக்கு எடுங்கள். பெரிய வட்டங்கள் கொஞ்சம் ஊதும், கண் குறைத்து மதிப்பிடுவது ஈடாகிவிடும். நிலப்படம் வரைவோர் பலர் இதைப் பின்பற்றினார்கள். நான் பின்பற்றுவதில்லை. கண்ணின் பிழை ஆளுக்கு ஆள் மாறுகிறது. பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தும் மாறுகிறது. பெரிய வட்டங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட வட்டம் சிறிதாகவும், சிறியவற்றின் நடுவே இருப்பது பெரிதாகவும் தோன்றும் மயக்கம் உளவியல் பாடநூல்களில் இருப்பதுதான். சராசரிக் கண்ணுக்காகப் படத்தை வளைத்தால், அளந்து பார்க்கிறவருக்குப் படம் பொய்யாகிவிடும். அளப்பவரை ஏமாற்றாமலே மதிப்பிடுபவருக்கு உதவ வேறு வழி இருக்கிறது. கிடை அச்சுக்கு அளவுகோல் கொடுத்தோம், செங்குத்து அச்சுக்குக் கொடுத்தோம். மூன்றாவது எண்ணுக்கும் ஓர் அளவுகோல் கொடுக்க வேண்டாமா? குறிவிளக்கம் என்பது அதுதான். எத்தனை மடங்கு என்று மனதுக்குள் பெருக்கிப் பார்க்கும் கடினமான வேலையை, இந்த வட்டம் அந்த மாதிரி வட்டத்தைவிடப் பெரிதா சிறிதா என்று பார்க்கும் எளிய வேலையாக அது மாற்றித் தருகிறது.

அதை வரைவோம். எந்த எண்களுக்கு மாதிரி வட்டம் போடுவது? தரவில் உள்ள மிகப்பெரிய எண்ணையும் மிகச்சிறிய எண்ணையும் எடுத்து 19.98 கோடி, 6.1 லட்சம் என்று போடுவது வீண். மனதில் நிற்கும் முழு எண்கள் வேண்டும், அவை தரவின் வீச்சில் பரவலாக நிற்க வேண்டும். நம் படத்துக்கு 20 கோடி, 5 கோடி, 1 கோடி, 20 லட்சம் என்ற நான்கும் போதும். ஆரங்கள் 10, 5, 2.2, 1 மில்லிமீட்டர். 20 கோடிக்கும் 5 கோடிக்கும் நான்கு மடங்கு வேறுபாடு, ஆரமோ சரிபாதி. குறிவிளக்கத்தைப் பார்க்கிறவர் சொல்லாமலே பரப்பின் கணக்கைக் கற்றுக்கொண்டுவிடுவார். சம இடைவெளியில் 5, 10, 15, 20 என்று போட்டால் சிறு மாநிலங்களுக்கு மாதிரியே இருக்காது. 15க்கும் 20க்கும் உள்ள வேறுபாடோ கண்ணுக்கு எளிதில் தெரியாது.

மாதிரி வட்டங்களை ஒன்றுக்குள் ஒன்றாக, எல்லாவற்றின் அடியும் ஒரே கோட்டில் நிற்கும்படி வரையுங்கள். இடம் மிச்சமாகும், உச்சியிலிருந்து ஒரு சிறு கிடைக்கோடு இழுத்து எண்ணை எழுதவும் வசதி. உள்ளே நிறம் வேண்டாம், விளிம்பு மட்டும். நிறம் பூசிய மாதிரி வட்டம் படத்தின் மூலையில் கிடந்தால், எந்த மாநிலம் அது என்று யாராவது தேடுவார். அச்சுகளுக்கு வெளியே வலப்பக்கம் வைப்பது நல்லது. மேலே தலைப்பாக 'மக்கள்தொகை, 2011' என்றும், அதன் கீழே 'வட்டத்தின் பரப்பு மக்கள்தொகைக்கு ஏற்ப' என்றும் எழுதுங்கள். இரண்டாவது வரியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பரப்பா விட்டமா என்று படிப்பவருக்குச் சொல்லாத குறிவிளக்கம், அலகு எழுதாத அச்சைப் போன்றது.

மாதிரி வட்டங்கள் படத்தின் வட்டங்களோடு அதே அளவில் இருக்க வேண்டும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை என்று நினைப்பீர்கள். சொல்ல வேண்டியிருக்கிறது. படத்தை ஒரு கோப்பாகவும் குறிவிளக்கத்தை இன்னொரு கோப்பாகவும் அச்சகத்துக்கு அனுப்பினால், பக்கம் அமைப்பவர் படத்தை மட்டும் முக்கால் அளவாகக் குறைத்துவிடுவார். அவர் மேல் குற்றமில்லை. ஆனால் அந்தக் கணத்திலிருந்து படிப்பவருக்கு ஒவ்வொரு மாநிலமும் உண்மையில் பாதியைவிடச் சற்றே கூடிய மக்கள்தொகையோடு தெரியும், ஏனென்றால் 0.75இன் வர்க்கம் 0.56. படமும் விளக்கமும் பிரியாமல் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

மென்பொருள்களைப் பற்றிச் சுருக்கமாக. எக்செலில் குமிழி வரைபடம் போட்டால் அளவுக்கான குறிவிளக்கம் வராது. வரும் விளக்கம் தொடரின் பெயரையும் நிறத்தையும் மட்டுமே சொல்லும். வேண்டுமென்றால் மாதிரி எண்களை இன்னொரு தொடராகச் சேர்த்து, ஓரத்தில் நிற்கும்படி அச்சு மதிப்பு கொடுத்து நாமே செய்ய வேண்டும். அங்கே `Size represents` என்ற இடத்தில் `Area of bubbles`, `Width of bubbles` என்று இரண்டு தெரிவுகள் இருக்கும். முதலாவதுதான் நமக்கு வேண்டியது. ஆர் மொழியில் ggplot2 வைத்து வரைகிறவர்களுக்குக் குறிவிளக்கம் தானாக வரும், ஆனால் அங்கே வேறொரு பொறி. இயல்பாக இயங்கும் `scale_size()` மிகச்சிறிய எண்ணுக்கு அளவு 1, மிகப்பெரியதற்கு 6 என்று வைத்துக்கொண்டு இடையில் நிரப்புகிறது. சிக்கிமுக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் உண்மையில் 327 மடங்கு. படத்தில் விட்டம் 6 மடங்கு, பரப்பு 36 மடங்கு மட்டுமே. பார்க்க அழகாக இருக்கும், எல்லா வட்டமும் கண்ணுக்குத் தெரியும், விகிதம் மட்டும் போய்விடும். அதற்குப் பதிலாக இதை எழுத வேண்டும்:

```r
ggplot(d, aes(ezhuttharivu, karuvalam, size = makkal)) +
  geom_point(shape = 21, fill = "grey80") +
  scale_size_area(max_size = 20,
                  breaks = c(20, 5, 1, 0.2))
```

`scale_size_area()` சுழியத்துக்குச் சுழியப் பரப்பு என்று கட்டிவிடுவதால் விகிதம் காக்கப்படுகிறது. `breaks` என்பதில் நாம் தேர்ந்த நான்கு மாதிரி எண்களும் கோடிக் கணக்கில் நிற்கின்றன. ஒரு சிக்கல்: 20 லட்சமும் 20 கோடியும் தரவின் எல்லைக்குள் விழுந்தால்தான் மென்பொருள் அவற்றைக் காட்டும். உத்தரப் பிரதேசம் 19.98 என்பதால் 20 கோடி மாதிரி காணாமல் போகும். `limits = c(0, 20)` என்று சேர்த்தால் வந்துவிடும்.

விகிதத்தைக் காத்தால் சிக்கிம் ஒரு மில்லிமீட்டர் அகலப் புள்ளியாகிவிடுகிறதே என்ற கவலை நியாயமானது. அதற்காக அதன் பரப்பை ஊதிவிட வேண்டாம். பெயரை எழுதி மெல்லிய கோடு இழுத்துக் காட்டுங்கள். சிறியது சிறியதாகத் தெரிவதும் செய்திதான்.

அடுத்த தொல்லை, மேலே மேலே விழும் வட்டங்கள். தமிழ்நாட்டின் மையத்துக்கும் மகாராஷ்டிரத்தின் மையத்துக்கும் நம் தாளில் ஒன்பது மில்லிமீட்டர்கூட இடைவெளி இல்லை. இரண்டு ஆரங்களையும் கூட்டினால் 13.5. ஆகவே கட்டாயம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். பெரியதை முதலில் வரைந்து சிறியதை அதன் மேல் வரைய வேண்டும். மாறாகச் செய்தால் சிறிய மாநிலம் பெரியதற்கு அடியில் புதைந்துபோகும், இல்லாததற்கும் புதைந்ததற்கும் வேறுபாடு தெரியாது. கணினியில் தரவை மக்கள்தொகைப்படி இறங்கு வரிசையில் அடுக்கினால் போதும். ஒளிபுகும் நிறம் பூசலாம், ஆனால் இரண்டு வட்டம் சேரும் இடம் கருமையாகி மூன்றாவது ஏதோ ஒன்று அங்கே இருப்பதுபோல் காட்டும். நான் வெளிர் நிறமும் தெளிவான விளிம்பும்தான் விரும்புவேன். எல்லா வட்டத்தையும் ஒரே விகிதத்தில் சுருக்குவதும் ஒரு வழி. முதலில் 20 கோடிக்கு 15 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தால், தமிழ்நாட்டின் நடுப்புள்ளியே மகாராஷ்டிரத்தின் வட்டத்துக்குள் போயிருக்கும். 10 என்று இறக்கியதால் இரண்டு மையமும் வெளியே தெரிகின்றன. கீழே இறக்க எல்லை சிக்கிம். இந்த இரண்டு நெருக்கடிகளுக்கும் நடுவில்தான் ஒவ்வொரு குமிழி வரைபடத்தின் அளவும் முடிவாகிறது.

வரைந்த படத்தைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. நாளிதழில் வரும் படத்தையும் இதே வழியில் சோதிக்கலாம். அடிக்கோலை எடுத்து ஒரு வட்டத்தின் விட்டத்தையும் குறிவிளக்கத்தில் உள்ள ஒரு மாதிரியின் விட்டத்தையும் அளங்கள். தமிழ்நாடு 12 மில்லிமீட்டர், 20 கோடி மாதிரி 20 மில்லிமீட்டர். விகிதம் 0.6. அதை வர்க்கமாக்கினால் 0.36. 20 கோடியால் பெருக்கினால் 7.2 கோடி. தமிழ்நாட்டின் மக்கள்தொகை திரும்பி வந்துவிட்டது. வர்க்கமாக்காமலே சரியான எண் வந்தால், வரைந்தவர் விட்டத்தைக் கொண்டு வரைந்திருக்கிறார் என்று பொருள். பெரியவை எல்லாம் மிகையாகத் தெரியும் படம் அது. இரண்டு வழியிலும் எண் வரவில்லை என்றால், மென்பொருள் மிகச்சிறியதற்கு ஓர் அடி அளவு வைத்துக் கூட்டியிருக்கிறது, அல்லது குறிவிளக்கம் வேறு அளவில் அச்சாகியிருக்கிறது. மூன்று நான்கு வட்டங்களை அளந்தால் எது என்று தெரிந்துவிடும். எல்லா வட்டமும் ஒரே மடங்கில் தவறினால் குற்றம் குறிவிளக்கத்தில். சிறியவை மட்டும் மிகையாக இருந்தால் குற்றம் அடி அளவில்.

இனி படத்தையே பாருங்கள். உத்தரப் பிரதேசமும் பீகாரும் இடப்பக்கம் மேலே இரண்டு பெரிய வட்டங்கள். அவற்றுக்குக் கீழே, பீகாரை ஒட்டிய எழுத்தறிவில், ராஜஸ்தான். தமிழ்நாட்டைவிடச் சற்றே சிறிய வட்டம், ஆனால் மக்கள்தொகை தன்னைத் தானே ஈடுசெய்யும் 2.1 என்ற கோட்டுக்குக் கீழே. பெண் எழுத்தறிவு உயர்ந்த பிறகுதான் கருவளம் இறங்கும் என்று சொல்ல நினைக்கிறவர் இந்த வட்டத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். புள்ளியாக இருந்தபோது விதிவிலக்கு என்று ஒதுக்கியிருப்போம். ஏழு கோடியை ஒதுக்க முடியாது. எழுத்தறிவு எண் 2011ஐச் சேர்ந்தது, கருவளம் எட்டு பத்து ஆண்டுகள் பிந்தியது, இடையில் ராஜஸ்தானின் பள்ளிக்கூடங்களில் நடந்தது எதுவும் கிடை அச்சில் இல்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். மேகாலயத்தின் 1.2 மில்லிமீட்டர் ஆரமுள்ள வட்டம் வேறு வகைக் கேள்வி. இந்தியா முழுமைக்கும் உள்ள கணக்கை அது அசைக்காது, மேகாலயத்தில் ஆய்வு செய்கிறவருக்கோ அதுதான் முழுப் பொருள். இரண்டு பேருக்கும் ஒரே படம் போதாது. இந்தப் படம் மாநிலங்களைப் பற்றியது, தனித்தனிப் பெண்களைப் பற்றியதல்ல என்பதையும் மறக்கக் கூடாது. படித்த பெண்கள் குறைவாகப் பெறுகிறார்களா என்பதற்கு இந்தத் தாளில் விடை இல்லை.

மாநிலங்களை விட்டு மாவட்டங்களுக்குப் போனால் என்ன ஆகும் என்று ஒரு மாணவர் முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்தார். 2011 கணக்கெடுப்பில் 640 மாவட்டங்கள். இந்தத் தாளில் 640 வட்டம் போட்டால் மீன் செதில்போல் ஒன்றையொன்று மூடும். பெரும்பாலான மாவட்டங்களின் மக்கள்தொகை மாநிலங்களைப் போல அவ்வளவு வேறுபடுவதும் இல்லை. அவை சில லட்சங்களுக்கும் சில பத்து லட்சங்களுக்கும் இடையில் அடங்கிவிடும். அளவு புதிதாக எதையும் சொல்லாது. அங்கே குமிழியைக் கைவிட்டுப் புள்ளிகளையே வைப்பேன். வட்டம் வேண்டியே தீரும் என்றால் மாநிலத்துக்கு ஒரு சிறு படமாகப் பிரித்து அடுக்கலாம். அப்போது எல்லாச் சிறு படங்களுக்கும் ஒரே குறிவிளக்கம், ஒரே ஆரக் கணக்கு. ஒவ்வொரு கட்டத்திலும் மிகப்பெரிய வட்டத்தை ஒரே அளவாக்கும்படி விட்டால், சிக்கிமின் மாவட்டம் ஒன்று மகாராஷ்டிரத்தின் தானே மாவட்டத்துக்குச் சமமாக உட்கார்ந்துவிடும்.